பேக் அனுப்பணும்னா எங்கே அனுப்பணும்?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு வாட்ஸ்அப்பில் அறிவிப்பு எழுதுவது சில காலம் என் வேலையாக இருந்தது. எல்லாரும் இருபதை ஒட்டிய வயது. ஒரே சேதியை நல்ல தமிழில் எழுதுவதா, கலந்து எழுதுவதா என்று இரண்டையும் முயன்று பார்த்தேன்.

முதலில் நல்ல தமிழ்: "திருத்தம் தேவைப்படும் ஆடைகளைத் தையல் பிரிவுக்குத் திருப்பி அனுப்பவும்." யாருக்கும் புரியாமல் இல்லை. ஆனால் கம்பெனிக்குள் அதற்குப் பேர் ஆல்ட்டர் பீஸ், அது போகிற இடம் லைன். வாசிக்கிற பிள்ளை மனசுக்குள் அதை மாற்றிக்கொண்டுதான் வேலைக்குப் போக வேண்டியிருந்தது.

அப்புறம் கலந்து எழுதினேன்: "ஆல்ட்டர் பீஸ் எல்லாம் இன்னைக்கே பேக் அனுப்பணும்." வேகமாகப் படித்தார்கள், வேகமாகவே தப்பும் செய்தார்கள். நான் சொன்னது லைனுக்குத் திரும்ப அனுப்பச் சொல்லி. ஒரு பெண் அதைப் பேக்கிங் என்று எடுத்துக்கொண்டாள். சாயங்காலம் இரண்டு அட்டைப்பெட்டியைப் பிரித்து, தையல் விட்ட பீஸை எல்லாம் பொறுக்கினோம். அவள் மேல் தப்பில்லை. வாயால் சொல்லியிருந்தால் முதல் ஒலியிலேயே வேறுபாடு தெரிந்திருக்கும். எழுத்தில் இரண்டுக்கும் ஒரே 'ப'. துணிப் பை வேண்டுமென்றாலும் அதே பேக்தான். சம்பளக் கணக்கில் வரும் பீஸும் காலேஜுக்குக் கட்டும் பீஸும்கூட இப்படித்தான் மோதிக்கொள்ளும். ஆங்கில எழுத்தில் தமிழை அடித்தால் சிக்கல் தலைகீழ்: பள்ளியும் பல்லியும் ஒன்றாகிவிடும்.

கடைசியில் நின்றது இது: "ஆல்ட்டர் பீஸ் எல்லாம் இன்னைக்கே லைனுக்குத் திருப்பி அனுப்பணும்." பொருளுக்கும் பிரிவுக்கும் கம்பெனிப் பேர் அப்படியே இருக்கட்டும். எங்கே போகணும், செய்யணுமா கூடாதா என்பதைத் தமிழ் சொல்லட்டும். "எண்ணெய்க் கையோட டச் பண்றதை அவாய்ட் பண்ணுங்க" என்று நீட்டுவதைவிட "எண்ணெய்க் கையோட துணியைத் தொடாதீங்க" குட்டையாகவும் இருக்கிறது. தடையும் வினையிலேயே வந்துவிடுகிறது. இளசுகளுக்கு எழுதுகிறோம் என்று வினையையும் ஆங்கிலமாக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. அவர்களே அரட்டையில் 'தொடாத'ன்னுதான் அடிக்கிறார்கள்.

நம்ம ஊர்ப் பேச்சும் எல்லாருக்கும் பொதுவில்லைங்க. "டேமேஜை அக்கட்டால வைங்க" என்று ஒருநாள் எழுதிவிட்டேன். மதுரைப் பக்கத்துப் பையன் ஒருவன் கேட்டான்: "அண்ணே, அக்கட்டான்னு எந்த செக்சன்?" அதிலிருந்து 'தனியா' என்றுதான் எழுதுகிறேன்.