சிம்னி டக்ட்: சுவரைத் துளைப்பதா, வென்டிலேட்டர் வரை இழுப்பதா?

எங்கள் சமையலறையில் சிம்னி மாட்டியபோது ஃபிட்டர் இரண்டு வழி சொன்னார். ஒன்று, சிம்னிக்கு நேர் மேலே சுவரைத் துளைத்துக் குழாயை அப்படியே வெளியே விடுவது. இன்னொன்று, பக்கத்துச் சுவரில் ஏற்கெனவே இருக்கும் வென்டிலேட்டர் வரை வளையும் அலுமினியக் குழாயை இழுத்துப்போவது. தூசி இல்லை, உடைக்க வேண்டியதில்லை, ஒரு மணி நேர வேலை என்பதால் இரண்டாவதற்குத் தலையாட்டினேன். இரண்டு வருடம் கழித்து அதைப் பிடுங்கிவிட்டு முதல் வழிக்கு மாறினேன். ஆகவே நான் எந்தப் பக்கம் சாய்கிறேன் என்பதை மறைக்கப் போவதில்லை.

குழாயே இல்லாமல், கரி ஃபில்டர் வழியாகக் காற்றை உள்ளேயே சுற்றவிடும் மூன்றாவது வகையும் உண்டு. வாசனையைக் கொஞ்சம் பிடிக்கும்; சூடும் நீராவியும் வீட்டுக்குள்ளேயேதான் திரும்ப வரும். சில மாதங்களுக்கு ஒருமுறை கரியை மாற்ற வேண்டும். வெளியே போக ஒரு வழிகூட இல்லாத வீட்டுக்கு அது சரி.

வென்டிலேட்டர் வழியின் நல்லது வெளிப்படை: கட்டடத்தில் கை வைக்க வேண்டாம், வாடகை வீட்டில் காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு போகலாம். கெட்டதைப் புரிந்துகொள்ளத்தான் எனக்கு இரண்டு வருடம் ஆனது. எங்கள் குழாய் சிம்னியிலிருந்து மேலே போய்ப் பக்கவாட்டில் திரும்ப ஒரு வளைவு. வென்டிலேட்டர் சற்றுத் தாழ்வாக இருந்ததால் இறங்கி, மறுபடி நேராக இன்னும் இரண்டு வளைவு. மொத்தம் 3 மீட்டர் குழாய், 3 வளைவு. ஒரு 90 பாகை வளைவு காற்றுக்குக் கொடுக்கும் தடையை, தோராயமாக 2 மீட்டர் நேர்க்குழாய்க்குச் சமமாக வைத்துக்கொள்ளலாம். அப்படிப் பார்த்தால் மோட்டார் தள்ளியது 3 மீட்டர் அல்ல, 9 மீட்டர். அதுவும் வழவழப்பான குழாய்க்கு. மடிப்பு மடிப்பாக இருக்கும் வளையும் குழாயை முழுவதும் இழுத்து விறைப்பாக்காமல் மாட்டினால் தடை இன்னும் பல மடங்கு ஏறும். இப்போதைய வழியில் 1 மீட்டர் குழாயும் ஒரே வளைவும்தான். கணக்கில் 3 மீட்டர்.

ஆனால் இழுவை குறைந்ததற்காக நான் மாறவில்லை. இழுவை மெல்ல மெல்லக் குறைவதால் நமக்கு அது தெரிவதே இல்லை. சத்தம் மட்டும் கூடியிருந்தது; மோட்டார் பழசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். மாற்ற வைத்தது எண்ணெய்.

ஃபில்டர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஆவியான எண்ணெயில் ஒரு பங்கு அதைத் தாண்டிப் போகும். குழாயில் காற்று குளிரும்போது அது படியும். நேர்க்குழாயில் மெல்லிய பூச்சாகப் படிவது, வளைவில் காற்று சுவரில் மோதித் திரும்பும் இடத்தில் தடிமனாகச் சேரும். வளையும் குழாயில் ஒவ்வொரு மடிப்பும் ஒரு குட்டித் தொட்டி. போதாததற்கு, இரண்டு கிளாம்புகளுக்கு நடுவே எங்கள் குழாய் தொய்ந்து ஒரு தொட்டில் மாதிரி ஆகியிருந்தது. ஒரு நாள் லாஃப்டின் அடியில் பழுப்பாக ஒரு சொட்டு தெரிந்தது. துணியால் துடைத்தேன், மறுநாளும் இருந்தது. கழற்றிப் பார்த்தால், தொய்ந்த இடத்தில் தேன் மாதிரி பிசுபிசுப்பு. அதைக் கழுவ முயன்றபோதுதான் விஷயம் முடிந்தது: மெல்லிய தகடு, பிரஷ் பட்டதும் கிழிந்தது. அதாவது இந்தக் குழாயைச் சுத்தம் செய்ய முடியாது, மாற்றத்தான் முடியும். எண்ணெய் சேர்ந்த குழாய் தீப்பிடிக்கக்கூடியது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இதே காரணத்தால்தான் புதிய வழியில் பிவிசி வேண்டாம் என்று சொல்லிக் கெட்டியான தகரக் குழாய் போட்டேன். ஒரு ஸ்க்ரூ கிளாம்பைத் தளர்த்தினால் வளைவு மட்டும் கையோடு வரும்; சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்து மாட்டிவிடலாம்.

இனி சுவரைத் துளைக்கும் வழி. இதில் எல்லாமே துளை எங்கே விழுகிறது என்பதில்தான் இருக்கிறது. முதலில் அடுப்பின் நடுவிலிருந்து சீலிங் வரை ஒரு செங்குத்துக் கோடு. சிம்னியின் பிராக்கெட்டும் துளையின் மையமும் இதே கோட்டில் வர வேண்டும். 5 செ.மீ. தள்ளிப்போனாலும் குழாயை 'எஸ்' போல நெளித்துத்தான் சேர்ப்பார்கள். அலங்கார மூடி போட்டதும் அந்த இரண்டு வளைவும் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

உயரக் கணக்கு இப்படி. அடுப்பின் மேற்பரப்பு 85 செ.மீ. அதற்கு மேல் 70 விட்டுச் சிம்னியின் அடிப்பாகம் 155இல். எங்கள் சிம்னியின் உடல் 45, ஆகவே காற்று வெளிவரும் வாய் 200இல். வாயிலிருந்து முதல் வளைவுக்கு முன் கொஞ்சம் நேர்க்குழாய் தேவை. இல்லாவிட்டால் வாயில் இருக்கும் மடல் முழுதாகத் திறக்காமல் படபடவென்று அடிக்கும். 30 செ.மீ. விட நினைத்தேன். வளைவுக்கு 20 சேர்த்தால் துளையின் மையம் 250. 6 அங்குலக் குழாய்க்குத் துளை 17 செ.மீ. அகலம்; மேல்விளிம்பு 258.5. ஆனால் பீமின் அடிப்பாகம் 255இல் இருந்தது. பீமைத் தொடவே கூடாது. நேர்க்குழாயை 20 ஆகக் குறைத்தோம், மேல்விளிம்பு 248.5இல் நின்றது. துளை போட்ட பிறகு இந்தக் கணக்கைப் பார்ப்பவர்கள்தான் குழாயைச் சின்னதாக்குகிறார்கள். 6 அங்குலத்தை 4 ஆக்கினால் பரப்பு பாதிக்கும் கீழே போய்விடும்; அப்புறம் வளைவைக் குறைத்தும் பயனில்லை.

துளையை வைரப் பல் கோர் இயந்திரத்தால் போடச் சொல்லுங்கள். சுத்தியலால் உடைத்தால் வெளிப்பூச்சு தட்டையாகப் பெயர்ந்து வரும். உள்பக்கம் 1 செ.மீ. உயர்ந்திருக்கட்டும், எண்ணெயும் மழைநீரும் வெளியே வடியும். பிராக்கெட்டுக்கு ஓட்டை போடும்போது, டைல்ஸ் தாண்டும் வரை ட்ரில்லில் ஹாமரைப் போடக் கூடாது. நான் சொல்வது செங்கல் சுவருக்கு. உள்ளே பொந்து உள்ள பிளாக் சுவரில் சாதாரண ஆங்கர் பிடிக்காது, அதற்கென்று உள்ள வகை வேண்டும். அந்தச் சுவரில் நான் மாட்டிப் பார்த்ததில்லை.

வேலை முடிந்த அன்று ஒரு டிஷ்யூ தாளை ஃபில்டருக்கு அடியில் பிடித்தேன். பழைய குழாயில் மூன்றாம் வேகத்தில்தான் ஒட்டியது, இப்போது முதல் வேகத்திலேயே ஒட்டுகிறது. ஜன்னலைச் சாத்திவிட்டு ஓட்டினால் இரண்டு வழியிலும் இழுவை குறையும். வெளியே போகும் காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வர வேண்டுமே.

இந்த வழியிலும் ஒரு குறை உண்டு. முதலில் குழாயைச் சுவரோடு மட்டமாக வெட்டிவிட்டதால், ஒரு வருடத்தில் வெளிச்சுவரில் மஞ்சள் கோடு இறங்கியது. இப்போது 5 செ.மீ. வெளியே நீட்டி மழை மூடி போட்டிருக்கிறேன். சொட்டு நேரே கீழே விழுகிறது. பழைய கோடு மட்டும் வெள்ளையடித்தும் லேசாகத் தெரிகிறது.