படத்தைப் பார்த்து கர்ட்டன் துணி வாங்கப் போகிறீர்களா? கொஞ்சம் நில்லுங்கள்

அரை மாதச் சம்பளம் போயே போச்சு. வாங்கியது என்னவோ படுக்கையறை ஜன்னலுக்கு இரண்டு கர்ட்டன்தான். கடை பெயரைச் சொல்லப் போவதில்லை. நாம் கொடுக்கும் அளவுக்குத் தைத்து அனுப்புகிற ஆன்லைன் கர்ட்டன் கடை என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கோபம் ஆறினால் எழுதமாட்டேன் என்பதால் இப்போதே எழுதிவிடுகிறேன்.

இரண்டு துணிகளுக்கு நடுவில்தான் போட்டி. ஒன்று பழுப்பு நிறத்தில் சின்னக் கட்டம் போட்டது, இன்னொன்று சாம்பல் நிறத்தில் வெள்ளைப் பூ. படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கட்டம் போட்டது மெல்லிசாகத் தெரிந்தது, பூப் போட்டது நல்ல கனமாகத் தெரிந்தது. இருந்தாலும் சந்தேகம், பூப் போட்டதில் ஒரு சின்ன மாதிரித் துண்டு அனுப்ப முடியுமா என்று சாட்டில் கேட்டேன். "இந்தத் துணிக்கு சாம்பிள் இல்லைங்க, ஆனா இது கஸ்டமர் வீட்ல எடுத்த போட்டோ, இதேதான் வரும், நம்பி ஆர்டர் பண்ணுங்க" என்று ஓர் அறையின் படத்தை அனுப்பினார்கள். கட்டில், பக்கத்தில் விளக்கு, பின்னால் கம்பியிலிருந்து தரைவரை அழகாகத் தொங்கும் கர்ட்டன். இவ்வளவு பொறுமையாகப் பதில் சொல்கிறார்களே என்று அந்த இடத்தில்தான் நம்பினேன். அரை மாதச் சம்பளத்தை முன்பணமாகவே முழுசாகக் கட்டினேன்.

வந்ததைத் தொங்கவிட்டதும் முதலில் கண்ணில் அறைந்தது பூவின் அளவு. அவர்கள் அனுப்பிய படத்தில் கம்பிக்கும் தரைக்கும் நடுவில் மேலிருந்து கீழாக ஏழு பூக்கள் இருந்தன. என் கர்ட்டன் உயரம் 210 செ.மீ., படத்தில் இருப்பதும் அதே உயரம் என்று அவர்களே சொன்னார்கள், அப்படியென்றால் ஒரு பூவுக்கு 30 செ.மீ. வர வேண்டும். டேப் வைத்து அளந்தால் ஒரு பூ தொடங்கும் இடத்திலிருந்து அடுத்த பூ தொடங்கும் இடம்வரை 64 செ.மீ.! மொத்தமே மூன்று பூவும் ஒரு துண்டும்தான். 140 செ.மீ. அகலத் துணியில் பக்கவாட்டில் இரண்டு பூ. கம்பியில் மடிப்பு விழுந்து துணி பாதி அகலத்துக்குச் சுருங்கியதும் அந்த இரண்டில் ஒன்றுகூட முழுசாகத் தெரியவில்லை, ஓர் இதழ் இங்கே, ஒரு காம்பு அங்கே.

மறுபடி அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. துணி மடிப்புக்குள் வளைந்து போகிறது, பூ வளையவே இல்லை. மேட்டிலும் பள்ளத்திலும் ஒரே அகலத்தில், நேராக ஓடுகிறது. அது யார் வீட்டிலும் எடுத்த படம் இல்லை, ஏதோ ஓர் அறைப் படத்தின்மேல் டிசைனைச் சிறிதாக்கி ஒட்டியது. உண்மையான துணி என்றால் மடிப்பின் ஓரத்தில் பூ ஒடுங்கி, பாதி உள்ளே மறைந்துதான் தெரியும்.

தையல் அதைவிட மோசம். இரண்டு கர்ட்டனையும் சேர்த்து மூடினால் இடது பக்கப் பூவும் வலது பக்கப் பூவும் ஒரே உயரத்தில் இல்லை, வலது பக்கம் 21 செ.மீ. கீழே நிற்கிறது. காரணம் இதுதான்: மேல் கீழ் மடிப்புக்கான துணியையும் சேர்த்து ஒரு கர்ட்டனுக்கு 235 செ.மீ. வேண்டும். பூ சேர வேண்டுமானால் அதை அடுத்த முழுப் பூவுக்கு, அதாவது நான்கு 64, 256 செ.மீ.க்கு ஏற்றிக் கணக்கிட்டு, மிச்சமாகும் 21 செ.மீ.யைக் கழித்துவிட்டு இரண்டாவதை வெட்டத் தொடங்க வேண்டும். இவர்கள் அந்தத் துண்டை மிச்சம் பிடிக்க, முதலாவதை வெட்டிய இடத்திலிருந்தே இரண்டாவதைத் தொடங்கியிருக்கிறார்கள். எனக்குப் போனது அரை மாதச் சம்பளம், அவர்களுக்கு மிஞ்சியது 21 செ.மீ. துணி!

அப்புறம் விடிந்தது. கனமான துணி என்று நினைத்ததன் வழியாக ஜன்னல் கம்பிகளை எண்ணலாம் போலிருந்தது. பூப் போட்ட துணியை அறை விளக்கு முன்னாலிருந்து விழும்படி படம் எடுத்திருக்கிறார்கள், பின்னால் இருட்டு. முன்பக்கம் மட்டும் வெளிச்சம் விழுந்தால் எந்த மெல்லிய துணியும் கனமாகத்தான் தெரியும். நான் ஒதுக்கிய கட்டம் போட்ட துணியையோ பகலில் ஜன்னலுக்கு எதிராக எடுத்திருந்தார்கள், அதனால்தான் மெல்லிசாகத் தோன்றியது. இப்போது பார்த்தால் அந்தப் படத்தில் கீழே இரண்டாக மடித்துத் தைத்த பட்டையும் ஒற்றைத் துணியாக இருக்கும் நடுப்பகுதியும் கிட்டத்தட்ட ஒரே நிறம். அது நிஜமாகவே வெளிச்சத்தைத் தடுக்கிற துணி. என்னுடையதில் மடித்த பட்டை கறுப்பாகவும் மேலே எல்லாம் பளீரென்றும் தெரிகிறது. ராத்திரி விளக்கைப் போட்டால் வெளியே நிற்பவருக்கு உள்ளே நடமாடுவது தெரியும். படுக்கையறைக்கு!

நிறத்தையும் சொல்லிவிடுகிறேன். படத்தில் குளிர்ந்த சாம்பல், என் ஜன்னல் கிழக்கு பார்த்தது. காலை வெயில் தாழ்ந்து வருவதால் மஞ்சளும் சிவப்பும் கலந்த வெளிச்சம், அதுவும் துணியின் மேல் படாமல் துணிக்குள் புகுந்து வருகிறது. சாம்பல் போய் வெளிறிய இளஞ்சிவப்பு, சுவரிலும் அதே சாயல். மதியம் வெயில் நகர்ந்ததும் மறுபடி சாம்பல். இது துணியின் குற்றம் இல்லை, ஒத்துக்கொள்கிறேன், லைனிங் கொடுத்திருந்தால் பெருமளவு தெரிந்திருக்காது. ஆனால் ஜன்னல் எந்தத் திசை என்று ஆர்டர் படிவத்திலேயே கேட்டு வாங்கிக்கொண்டு, லைனிங் வேண்டுமா என்று நான் கேட்டதற்கு "இந்தத் துணிக்குத் தேவையே இல்லைங்க" என்றார்களே, அதுதான் வயிறெரிகிறது.

புகார் செய்ததும் பதில்கள் ஆரம்பித்தன. நிறம் "உங்க ஸ்கிரீனைப் பொறுத்து மாறும்". பூ அளவு "டிசைன்ல குறை இல்லை". பூ சேராதது "கையால் தைப்பதில் சிறு வேறுபாடு இயல்பு". 21 செ.மீ. சிறு வேறுபாடாம்! அந்த "கஸ்டமர் வீட்டு போட்டோ" பற்றிக் கேட்டால் "அது விளக்கப் படம்". அளவுக்கு வெட்டித் தைத்ததைத் திரும்ப எடுக்க மாட்டார்களாம், அடுத்த ஆர்டரில் தள்ளுபடி தருவார்களாம். அதற்கு நான் இன்னொரு அரை மாதச் சம்பளம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். நான் பதில் எழுதுவதற்குள் புகாரை முடித்துவைத்துவிட்டார்கள்.

எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. பூ எத்தனை செ.மீ.க்கு ஒருமுறை திரும்ப வருகிறது என்று எழுத்தில் கேளுங்கள், சொல்லாவிட்டால் வாங்காதீர்கள். பகலில் ஜன்னலுக்கு எதிராகத் தொங்கவிட்டு எடுத்த படம் கேளுங்கள், இரண்டு துணிக்கும் அப்படியே கேளுங்கள், இல்லாவிட்டால் ஒப்பிட்டே பிரயோசனம் இல்லை. படத்தில் தலையணையோ ஜன்னல் சட்டமோ வெள்ளையாக இருக்க வேண்டியது மஞ்சளாகவோ நீலமாகவோ தெரிந்தால் துணியின் நிறத்தையும் நம்பாதீர்கள். சாம்பிள் இல்லை என்றால் நகர்ந்துவிடுங்கள். முன்பணம் முழுசாகக் கட்டாதீர்கள். சாட்டில் அவர்கள் சொன்னதையெல்லாம் உடனே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள், என்னுடைய சாட் புகார் கொடுத்த பிறகு திறக்கவே இல்லை.