திருவொற்றியூரிலிருந்து ஸ்டான்லிக்கு: ஸ்டாண்டு ஆட்டோவா, செயலி ஆட்டோவா, டாக்சியா? கட்டணத்தை முன்கூட்டியே கணக்கிடுவது எப்படி?

அம்மாவுக்கு மூட்டுவலி. திருவொற்றியூர் தேரடியிலிருந்து ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கு அவரை அழைத்துச் சென்று, மருத்துவரைப் பார்த்து, மருந்து வாங்கி, திரும்ப வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். இந்தப் பயணத்துக்கு மூன்று வழிகளையும் பயன்படுத்திப் பார்த்த பிறகு, வீட்டருகே உள்ள ஸ்டாண்டு ஆட்டோவைப் போக வரப் பேசி, அங்கேயே காத்திருக்கச் சொல்லும் முறையை நான் தேர்ந்தெடுத்தேன். அதன் பக்கம் சாய்ந்துதான் இதை எழுதுகிறேன். ஆனால் இந்தச் சாய்வுக்குக் காரணம் கணக்குதான் என்பதால், அந்தக் கணக்கையே முதலில் வைக்கிறேன்.

மூன்று வழிகளுக்கும் பொதுவானது தூரம். வரைபடச் செயலியில் கார் வழியைப் போட்டு, ஒருவழிப் பாதைகளையும் சேர்த்துக் காட்டும் தூரத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். தேரடியிலிருந்து டி.எச். ரோடு வழியாக ஸ்டான்லிக்கு ஏறக்குறைய 7 கிலோமீட்டர் வரும்.

ஆட்டோவுக்கு இரண்டு கட்டண விகிதங்களை அறிந்திருப்பது நல்லது. 2013 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு நிர்ணயித்ததன்படி, முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 12 ரூபாய், காத்திருப்புக்கு 5 நிமிடத்துக்கு 3.50 ரூபாய். இந்த விகிதத்தில் இன்று யாரும் சவாரிக்கு வருவதில்லை. எரிபொருள் விலை ஏறிய அளவைப் பார்த்தால் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. 2025 பிப்ரவரியில் ஓட்டுநர் சங்கங்கள் தாமாகவே அறிவித்த விகிதம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 50 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 18 ரூபாய், காத்திருப்புக்கு நிமிடத்துக்கு 1.50 ரூபாய். அரசு அறிவித்த கட்டணம் அல்ல என்றாலும், பேரம் பேசத் தொடங்குவதற்கு இதுவே நடைமுறைக்கு நெருக்கமான எண்.

7 கிலோமீட்டரில் முதல் 1.8 போக மீதி 5.2. சங்க விகிதத்தில் 50 ரூபாயுடன் 5.2-ஐ 18-ஆல் பெருக்கி வரும் 93.60 ரூபாயைக் கூட்டினால் 143.60 ரூபாய். அரசு விகிதத்தில் இதே தூரத்துக்கு 87.40 ரூபாய். ஓட்டுநர் கேட்கும் தொகை 150-ஐ ஒட்டி இருந்தால் அது இன்றைய நிலவரம். 250 என்றால் அதற்கு அவர் ஏதாவது காரணம் சொல்லியாக வேண்டும்.

டாக்சியை விரைவாகக் கடந்துவிடலாம். வெயிலும் புழுதியும் படாமல் அம்மாவை உட்கார வைக்க அதுவே வசதி; ஒருவழிப் பயணம் என்றால் ஏறும் முன்பே தொகையும் தெரிந்துவிடுகிறது. சிக்கல் காத்திருப்பில் வருகிறது. சாதாரணச் சவாரியில் ஏறுமிடத்தில் சில நிமிடங்கள்தான் இலவசம். அதன் பிறகு நிமிடக் கணக்கு ஓடும். நடுவில் நிறுத்தம் சேர்த்தாலும் அது கடையில் பொருள் வாங்கித் திரும்பும் அளவுக்கானதே தவிர, புறநோயாளி வரிசைக்கானது அல்ல. மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 10 கிலோமீட்டர் என்ற அளவில்தான் பெரும்பாலும் திட்டங்கள் இருக்கின்றன. எங்களுக்கோ தூரம் 14 கிலோமீட்டர்தான். ஒன்றரை மணி நேரக் காத்திருப்பும், போக வர ஆகும் ஒரு மணி நேரமும் சேர்ந்தால் நேரம் இரண்டரை மணி. ஆகவே மூன்று மணி நேரத் திட்டத்துக்குப் பணம் கொடுத்து, அதிலுள்ள கிலோமீட்டரில் பாதியைக்கூடப் பயன்படுத்தாமல் திரும்பி வருகிறோம்.

செயலி ஆட்டோதான் ஸ்டாண்டு ஆட்டோவுக்கு உண்மையான போட்டி. காலையில் வீட்டு வாசலிலிருந்து கிளம்பும்போது அது பெரும்பாலும் மலிவாகவே இருக்கும். திரும்பும்போது எவ்வளவு ஆகும் என்பது மட்டும் கிளம்பும்போது தெரியாது. மருத்துவமனை வாசலில் ஒரே நேரத்தில் பலர் வண்டி தேடும்போது தேவை உயர்ந்து, கட்டணமும் ஏறுகிறது. ஒன்றிய அரசின் 2020 வழிகாட்டுதல் இந்த உயர்வுக்கு அடிப்படைக் கட்டணத்தில் 1.5 மடங்கு என்று வரம்பு வைத்தது. 2025 ஜூலையில் வெளியான வழிகாட்டுதல் அதை 2 மடங்காக்கியது. முன்கணிப்புக்கு இந்த இரண்டு எண்களும் நல்ல எல்லைகள்.

இன்று எத்தனை மடங்கு என்பதைச் செயலி எப்போதும் வெளிப்படையாகச் சொல்வதில்லை. அதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. கூட்டமில்லாத பிற்பகல் 3 மணி வாக்கில், முன்பதிவு செய்யாமலே, அதே வழிக்கு என்ன தொகை காட்டுகிறது என்று சில நாட்கள் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். அதுதான் உங்கள் அமைதி நேரக் கட்டணம். தேவைப்படும் நேரத்தில் காட்டும் தொகையை அதனால் வகுத்தால் மடங்கு கிடைத்துவிடும். சில செயலிகளில் ஆட்டோவுக்குக் காட்டும் தொகை ஒரு பரிந்துரை மட்டுமே என்பதையும், பணம் ஓட்டுநரிடமே நேராகப் போகிறது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். திரையில் 140 என்று பார்த்துவிட்டு, வண்டி வந்ததும் “மேல போட்டுக் குடுங்கம்மா” என்ற பேச்சைக் கேட்க நேர்ந்தால், முன்கணிப்பு அந்த இடத்திலேயே உடைந்துவிடுகிறது.

இனி, தீர்மானத்தை முடிவு செய்யும் கேள்விக்கு வருகிறேன். ஆட்டோவைக் காத்திருக்க வைப்பதா, இறங்கியதும் அனுப்பிவிட்டுத் திரும்பும்போது வேறு வண்டி பிடிப்பதா?

காத்திருக்க வைத்தால் இரண்டு பயணமும் ஒரே சவாரி. 14 கிலோமீட்டருக்குக் குறைந்தபட்சக் கட்டணம் ஒரு முறைதான் விழும்: 50 ரூபாயும், மீதி 12.2 கிலோமீட்டருக்கு 219.60 ரூபாயும் சேர்ந்து 269.60. தனித்தனியாகப் போனால் 287.20. ஆகத் தூரத்தில் மிச்சம் 17.60 ரூபாய் மட்டுமே. காத்திருப்பு நிமிடத்துக்கு 1.50 என்றால், அந்த மிச்சம் 12 நிமிடத்துக்குள் கரைந்துவிடும். இதோடு நிறுத்திவிடுகிறவர்கள் “அனுப்பிவிடுவதே லாபம்” என்கிறார்கள்.

திரும்பும்போது ஏறும் கட்டணத்தைச் சேர்த்தால் படம் மாறுகிறது. செயலியின் அமைதி நேரக் கட்டணமும் சங்க விகிதத்தை ஒட்டியே இருப்பதாக வைத்துக்கொள்வோம் (உங்கள் வழியில் குறைவாக இருந்தால் அந்த எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள்). 1.5 மடங்கானால் திரும்புவதற்கு 215.40 ரூபாய், அதாவது 71.80 கூடுதல். இதனுடன் முன்பு சொன்ன 17.60-ஐக் கூட்டினால் 89.40. இந்தத் தொகையைக் காத்திருப்பு விகிதத்தால் வகுத்தால் வருவதுதான் சமநிலை நேரம்: 1.50 வீதம் ஏறக்குறைய ஒரு மணி நேரம். அதற்குள் வேலை முடியுமானால் காத்திருக்க வைப்பது நஷ்டமில்லை. 2 மடங்கானால் கூடுதல் 143.60, சமநிலை நேரம் 107 நிமிடம் வரை நீள்கிறது.

எங்களுக்கு வழக்கமாக ஒன்றரை மணி நேரம் ஆகிறது. 1.50 வீதம் காத்திருப்பு 135 ரூபாய், மொத்தம் 404.60. அனுப்பிவிட்டு 1.5 மடங்கில் திரும்பினால் 359 ரூபாய். காகிதத்தில் செயலி வெல்கிறது. ஆனால் காத்திருப்பை நிமிடத்துக்கு ஒரு ரூபாயாகப் பேசிவிட்டால் மொத்தம் 359.60 ஆகி, இரண்டும் சமமாகின்றன. ஆகவே பேரத்தைத் தூரத்தில் நடத்தாமல் காத்திருப்பில் நடத்துவதே சரி என்பது என் முடிவு. தூரத்துக்கு எரிபொருள் செலவாகிறது. அதில் ஓட்டுநரால் அதிகம் விட்டுக்கொடுக்க முடியாது. காத்திருக்கும் நேரத்திலோ எஞ்சின் அணைந்திருக்கிறது, வெற்று வண்டியாகத் திரும்ப வேண்டிய கவலை இல்லை, டீ குடித்து இளைப்பாறவும் முடிகிறது.

நான் பேசும் முறை இதுதான். “அண்ணா, ஸ்டான்லிக்குப் போய்ட்டு வரணும். ஒன்றரை மணி நேரம் வெயிட்டிங் ஆகும், அதுக்கு மேல ஆனா நிமிஷத்துக்கு ஒரு ரூபா. மொத்தம் முந்நூத்தி அறுபது.” பெரும்பாலும் அவர் கேட்கும் கேள்வி, “டிராஃபிக்ல நின்னா அதையும் வெயிட்டிங்ல சேக்கலாமாம்மா?” என்பதுதான். இந்தக் கேள்விக்குக் கிளம்பும் முன்பே பதில் சொல்லிவிட வேண்டும். ஓடும் மீட்டர் வண்டி நின்றால் காத்திருப்பாகத்தான் எண்ணும். பேசிய கட்டணத்தில் நெரிசல் சேராது, மருத்துவமனை வாசலில் நிறுத்திய நேரம் மட்டுமே சேரும் என்று நான் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நிறுத்தியதும் இருவரும் கைபேசியில் மணி பார்த்துக்கொண்டால் பிறகு வாக்குவாதம் இல்லை.

வட சென்னையில் இது வெறும் சம்பிரதாயம் அல்ல. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டினால் எண்ணூர் பக்கம் கால் மணி, அரை மணி நிற்க வேண்டியிருக்கும். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடினால் ஒன்றன் பின் ஒன்றாகச் சரக்கு ரயில் போகும்வரை திறக்காது. முன்பே தொகை குறித்த செயலிச் சவாரியில் இந்த நேரத்தின் இழப்பு ஓட்டுநர் தலையில் விழுவதால், கேட் வழியாகப் போக வேண்டிய சவாரிகளை அவர்கள் தவிர்க்கப் பார்ப்பது புரிந்துகொள்ளக்கூடியதே. தண்டையார்பேட்டையிலிருந்து பெரம்பூர் போகிறவர்கள், கேட் வழித் தூரத்தையும் பாலம் சுற்றும் தூரத்தையும் இரண்டையும் கணக்கிட்டு, பெரிய எண்ணை வைத்துப் பேசுவதே நல்லது.

ஒருவழிப் பயணத்துக்கு இந்தக் கணக்கு எதுவும் தேவையில்லை. திரையில் குறைவாக இருப்பதை எடுத்துக்கொள்ளலாம். அரை மணிக்குள் முடியும் வேலைக்கு ஸ்டாண்டு ஆட்டோவே மேல். இரண்டு மணி நேரத்தைத் தாண்டும் என்று தெரிந்தால் நானும் வண்டியை அனுப்பிவிடுவேன். இரவு 11 முதல் காலை 5 வரை ஆட்டோவுக்குப் பாதிக் கட்டணம் கூடுதல் என்பது 2013 அரசு விகிதத்திலேயே உண்டு. ஆனால் இரவுச் சவாரி எனக்குப் பழக்கமில்லை என்பதால், அந்த நேரத்துக்கு எந்த வழி மேல் என்று என் அனுபவத்திலிருந்து சொல்ல மாட்டேன். மழைநாளுக்கும் மேலே சொன்ன எண்களை அப்படியே நம்ப வேண்டாம். வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதை போன்ற இடங்களில் நீர் தேங்கினால் வழி மாறும்; அப்போது 1.5 மடங்கு, 2 மடங்கு என்று பெருக்குவதற்கு முன், தூரத்தையே புதிதாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.