கூத்துப் பாட்டைக் கேட்டெழுத ஒடாசிட்டி: மெதுவாக்க வேண்டாம், வேகப்படுத்துங்கள்

பழைய கசெட்டுகளிலுள்ள நாட்டுக்கூத்துப் பாடல்களை எழுத்தில் எடுக்கும் வேலைக்கு நான் பல வருடங்களாக ஒடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளைத்தான் பாவிக்கிறேன். வட்டுக்கோட்டைப் பக்கத்து அண்ணை ஒருவர் அதே வேலையைத் தொடங்கிவிட்டுப் போன கிழமை தொலைபேசி எடுத்தார். "அரைவாசி வேகத்துக்கு இறக்கியும் பாத்திட்டன் தம்பி, ஒண்டும் விளங்கேல்லை" என்றார். அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

பேச்சை எழுதுபவர்கள் வேகத்தைக் குறைப்பார்கள். கூத்துப் பாட்டுக்கு அது சரிவராது. அண்ணாவியார் ஏற்கனவே ஒரு 'ஆ'வை நாலைந்து விநாடிக்கு இழுத்திருப்பார். அதை இன்னும் நீட்டினால் சொல்லின் முதல் எழுத்தும் அடுத்த எழுத்தும் மேலும் விலகிப்போகும். இரண்டையும் ஒரு சொல்லாகக் காது கோர்க்காது. இந்த மென்பொருளில் எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷம் இதற்கு எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது. Change Tempo என்பதைத் திறந்து, Percent Change பெட்டியில் 50 என்று போட்டால், குரலின் சுருதி மாறாமல் பாட்டு ஒன்றரை மடங்கு வேகமாகும். இழுவைகள் சுருங்கி, எழுத்துகள் பேச்சு நெருக்கத்துக்கு வரும். மத்தளம் ஓய்ந்திருக்கும் விருத்தங்களில் பலன் அதிகம். துரிதமாகப் போகும் இடங்களில் தட்டுகள் நெருங்கி எழுத்துகளை மூடிவிடும்; அங்கே மூல வேகமே நல்லது. Change Speed and Pitch என்று இன்னொன்று இருக்கிறது, அதைத் தொடாதீர்கள். சுருதியும் சேர்ந்து ஏறும், உயிரெழுத்தின் நிறமே மாறிவிடும்.

குரலைத் தனியே பிரிக்கும் Vocal Reduction and Isolation பற்றியும் அண்ணை கேட்டார். அது இடது வலது பக்கங்களுக்கு இடையிலுள்ள வித்தியாசத்தை வைத்து வேலை செய்வது. ஒற்றை மைக்கில் பிடித்த கசெட்டில் இரண்டு பக்கமும் ஒன்றுதான், ஆகவே பிரிக்க எதுவும் இல்லை.

அண்ணை சிக்கியிருந்த வரி இது. முதலடி "வட்டக் குடைபிடித்து வாறார்" என்று தெளிவாகவே இருக்கிறது. இரண்டாம் அடியை அவர் "பாட்டுத் துதியெடுத்து" என்று எழுதியிருந்தார். பாட்டில் குறிலும் நெடிலும் கலந்துபோவதால் 'ப'வா 'பா'வா என்று காதால் தீர்மானிக்க முடியாது. ஆனால் வல்லின இரட்டிப்பு இழுவைக்குள்ளும் பெரும்பாலும் தப்பிவிடும், ஏனென்றால் 'ட்ட' சொல்ல நாக்கு அண்ணத்தை அடைத்து மூச்சை நிறுத்தியே ஆகவேண்டும். ஒலித்தடத்தை, ஒலியின் அதிர்வெண்களைப் படமாகக் காட்டும் Spectrogram காட்சிக்கு மாற்றினால் குரலின் கோடுகள் அந்த இடத்தில் அறுந்து நிற்பது தெரியும். ஒற்றை 'ட' என்றால் கோடுகள் ஏறக்குறைய அறாமல் ஓடும். மத்தளத் தட்டு அதே இடத்தில் விழுந்தாலும் அது ஒரு கணத்தில் ஓய்ந்துவிடும். பிறகு வெறுமை தெரிந்தால் இரட்டிப்புத்தான்.

இங்கே கோடு அறுந்திருந்தது, ஆகவே 'ட்டு' உறுதி. மிச்சத்தை எதுகை சொல்லும். எதுகையில் இரண்டாம் எழுத்து ஒன்றினால் மட்டும் போதாது, முதலெழுத்தின் அளவும் ஒத்திருக்க வேண்டும். 'வட்ட' குறிலில் தொடங்குவதால் அடுத்ததும் குறில், அதாவது 'பட்டு'. பட்டு என்று வந்தபிறகு துதிக்கு அங்கே என்ன வேலை? 50 சதவீதம் ஏற்றிக் கேட்டபோது 'துகிலுடுத்து' என்று அண்ணைக்கே விழுந்தது. எதுகை பிசகும் பாட்டுகளும் உண்டு, அதனால் படத்தில் பார்க்காமல் எதுகையை மட்டும் வைத்து நான் எதையும் எழுதுவதில்லை.

இனிக் கோபத்துக்கு வருகிறேன். வேகப்படுத்திய ஒலியில் Ctrl+B அடித்து ஒவ்வொரு அடிக்கும் குறி வைத்துப் பாடலை எழுதினால், அந்த நேரங்கள் மூல ஒலிக்குப் பொருந்தாது. வேகப்படுத்தியதில் 2 நிமிடம் என்பது மூலத்தில் 3 நிமிடம். விடிய விடிய ஆடும் கூத்தில் ஒவ்வொரு குறியையும் ஒன்றரையால் பெருக்கிக்கொண்டிருப்பது மனிதன் செய்கிற வேலையா? 3.4 பதிப்பிலிருந்து Alt விசையைப் பிடித்துக்கொண்டு துண்டின் விளிம்பை இழுத்துச் சுருக்கலாம், சுருதி அப்படியே இருக்கும், வேண்டும்போது பழைய நீளத்துக்கும் திருப்பலாம். நல்ல வசதி. ஆனாலும் எனக்கு வேண்டியது, ஒலியைத் தொடாமல் கேட்கும் வேகத்தை மட்டும் மாற்றுவது. அதற்கென்று இருக்கும் Play-at-Speed சுருதியையும் சேர்த்து ஏற்றிவிடுகிறது. எழுதுபவனுக்கு முதலில் தேவைப்படும் ஒன்று இப்படி அரைகுறையாகக் கிடப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை.

ஆகவே, முழு இரவுக் கூத்தை எழுதப்போகிறவர் இதை மட்டும் நம்பி இறங்க வேண்டாம் என்றுதான் அண்ணைக்கும் சொன்னேன். மூல வேகத்தில் கேட்டுக் கொப்பியில் எழுதுங்கள், நேரத்தையும் அங்கேயே குறியுங்கள். தெரியாத அடிகளை மட்டும் வெட்டி ஒடாசிட்டிக்குள் கொண்டுவாருங்கள்.