கப்பலில் இருக்கும் தம்பிக்கு போன் செய்வது: +870 எண்ணோடு எங்கள் அனுபவம்

குளச்சல் பக்கத்தில் கப்பலுக்குப் போன பிள்ளை இல்லாத தெரு குறைவு. என் தம்பி சரக்குக் கப்பலில் ஏறிய நாள் தொட்டு, எங்கள் வீட்டுக் காலண்டரில் அவன் கப்பலின் எண் எழுதியிருக்கிறது. அவசரத்துக்கு அது நம்பகமான வழி. அன்றாடப் பேச்சுக்கோ அதைத் தொடவே கூடாது என்பதுதான் என் முடிவு.

முதலில் எண்ணை அடையாளம் காண வேண்டும். இன்மார்சாட் என்ற செயற்கைக்கோள் போன் நிறுவனம் வழியாகப் பேசும் கப்பலின் எண் +870 என்று தொடங்கும். அதன் பின் ஒன்பது இலக்கங்கள் வரும், பெரும்பாலும் 77 என்று ஆரம்பிக்கும். இரிடியம் என்றால் +8816 அல்லது +8817, துரயா என்றால் +88216. இவை எந்த நாட்டின் குறியீடும் அல்ல. குழப்பம் எங்கே வருகிறதென்றால், 8708, 8816 என்று தொடங்கும் சாதாரண இந்திய மொபைல் எண்களும் உண்டு. பத்தே இலக்கம் இருந்தாலோ, முன்னால் +91 இருந்தாலோ பயமில்லை. கூட்டல் குறியோ 00-வோ வந்து, உடனே 870, 881 அல்லது 88216 வந்தால்தான் அது செயற்கைக்கோள் எண். +880 வங்கதேசம் என்பதால், மூன்றாவது இலக்கம் வரை பார்த்தே ஆக வேண்டும்.

கட்டணம் நிமிடத்துக்குச் சில நூறு ரூபாய். ஐஎஸ்டி பேக் போட்டிருந்தாலும் இந்த எண்கள் பொதுவாக அதில் சேராது. தூரம்தான் காரணம் என்று ஊரில் சொல்வார்கள். இன்மார்சாட் செயற்கைக்கோள் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பது உண்மைதான். ஆனால் இரிடியம் வெறும் 780 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது, அதற்கும் அழைக்க விலை குறைவில்லையே! செயற்கைக்கோளின் திறன் குறைவு, அதற்கான செலவைப் பங்கு போட வாடிக்கையாளர்களும் குறைவு. அதைவிட முக்கியமானது, அந்த எண்ணுக்கு அழைப்பைக் கொண்டு சேர்க்க அந்த ஒரு நிறுவனத்தை விட்டால் வேறு வழி கிடையாது. அது கேட்கும் தொகையை நம் போன் நிறுவனம் கொடுத்து, தன் பங்கையும் சேர்த்து நம்மிடம் வாங்குகிறது. இதே கப்பலிலிருந்து தம்பி ப்ரீபெய்டு கார்டு போட்டு எங்களை அழைத்தால் செலவு பல மடங்கு குறைவு. வானமும் டிஷ்ஷும் ஒன்றுதான், விலையை யார் வைக்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். மகனின் கப்பலுக்கு அழைத்தார். கப்பலை ஓட்டும் அறையான பிரிட்ஜில் டியூட்டி ஆபீசர் எடுத்து, “இருங்க, கூப்பிடுறேன்” என்று ஆள் அனுப்பினார். எஞ்சின் அறையிலிருந்து மகன் ஏறி வரும்வரை அக்கா லைனிலேயே இருந்தார். ஆபீசர் எடுத்த நொடியிலேயே மீட்டர் ஓடத் தொடங்கிவிடும். அழைப்பு நீடித்தது 4 நிமிடம் 10 வினாடி, மகன் பேசியது கடைசி ஒரு நிமிடம்தான். அதிலும் குரல் போய்த் திரும்ப அரை வினாடிக்கு மேல் ஆவதால் இருவரும் ஒரே நேரத்தில் “ஹலோ” சொல்லியே பாதி போயிற்று. நிமிடத்துக்கு 400 ரூபாய் என்று வையுங்கள். மேலே உள்ள 10 வினாடியும் முழு நிமிடமாகும். ஆக 5 நிமிடம், 2,000 ரூபாய். 18% ஜிஎஸ்டி சேர்த்தால் 2,360.

நாங்கள் செய்வது இதுதான்: சேதி இருந்தால் கப்பல் கம்பெனியின் ஆபீசுக்குச் சொல்வோம், அவர்கள் கப்பலுக்கு மெயில் போடுவார்கள், தம்பி திரும்ப அழைப்பான். இப்போது பல கப்பல்களில் வைஃபை இருப்பதால் வாட்ஸ்அப்பே போதும். இன்னொன்றும் ஆபீசில் கேட்டுப் பாருங்கள். விசாட் என்ற செயற்கைக்கோள் இணைய டிஷ் வைத்த சில கப்பல்களுக்கு நார்வே, இங்கிலாந்து போன்ற நாட்டின் சாதாரண தரைவழி எண் இருக்கும். அதற்கு அந்த நாட்டு ஐஎஸ்டி கட்டணம்தான்.

தம்பி தன் இந்திய சிம்மில் ரோமிங்கில் இருந்தால் கணக்கு தலைகீழ். நாம் வழக்கம்போல அவன் எண்ணை அழைக்கலாம், நமக்கு உள்ளூர் கட்டணம்தான். கப்பலுக்குள்ளேயே இருக்கும் மொபைல் நெட்வொர்க்கில் அவன் போன் சிக்கியிருந்தால் எடுக்கும் அவனுக்குத்தான் அடி விழும். கடலுக்குப் போனதும் ரோமிங்கை அணைக்கச் சொல்லியிருக்கிறேன்.

அப்புறம் மிஸ்டு கால். ஒரே ரிங்கில் நின்றுபோகும் +881, +882 அழைப்புகள் வந்தால் அம்மா, “மக்கா, தம்பியா இருக்குமோ?” என்று பதறுவார். திரும்ப அழைக்க வைத்து அந்தக் கட்டணத்தில் பங்கு பிடிக்கும் மோசடி இது. பிள்ளை கடலில் இருக்கும் வீடுகளில் இது எளிதாக வேலை செய்யும். தம்பி கார்டு போட்டுப் பேசும்போது எங்கள் போன் திரையில் பெரும்பாலும் வேறு ஏதோ நாட்டு எண்தான் விழுகிறது, சில நேரம் எண்ணே வராது. உண்மையிலேயே அவன்தான் என்றால் மறுபடி அழைப்பான். அதனால் வீட்டு போனில் ஐஎஸ்டி வசதியையே நிறுத்தி வைத்துவிட்டோம்.