பெரியவர்களுக்கான அனிமேஷன் படம் தேடுவது: பல வருடம் சந்தா கட்டியவனின் அனுபவம்

ஏற்காடு ஒண்டிக்கடைப் பக்கம் இருக்கும் அண்ணன் ஒருவர் போன வாரம் போன் செய்தார். நான் மாதாமாதம் பணம் கட்டிப் பார்க்கும் ஓடிடியில் வருடச் சந்தா விலை குறைந்திருக்கிறதாம். "தம்பி, பெரியவங்க பாக்குற மாதிரி பொம்மைப் படம் நிறைய இருக்குன்னு சொல்லிக்கிட்டே இருப்பியே, அதுக்காக இதை எடுக்கலாமா? நான் தேடினா பூனையும் எலியுமாத்தான் வருது" என்றார். போனில் சொல்லி முடியாததால் எழுதுகிறேன்.

படத்தின் தெளிவு, எத்தனை டிவியில் பார்க்கலாம் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதில் எனக்குக் குறை இல்லை. என் கோபமெல்லாம் ஒரே இடத்தில். கையால் வரைந்ததோ, களிமண்ணில் செய்ததோ, கம்ப்யூட்டரில் செய்ததோ, நடிகர் நேரில் வராத படம் என்றாலே அதைக் குழந்தைகள் பக்கம் ஒதுக்கிவிடுகிறார்கள். 'அடல்ட் அனிமேஷன்' என்று தேடினாலும் தப்பிக்க முடியாது. கெட்ட வார்த்தையும் கேலியுமாகப் போகும் அமெரிக்கக் காமெடித் தொடர்கள் வரிசையாக வந்து நிற்கும். அவற்றிலும் நல்லவை உண்டு. ஆனால் போர், அகதி வாழ்க்கை, கசந்துபோன திருமணம், தப்பிக்க முடியாத ஒரு நினைவு என்று ஒரு மனிதன் ஐம்பது வயதில் யோசிக்கிற விஷயங்களை எடுத்துக்கொண்ட படங்கள் இந்த இரண்டு வரிசைக்கும் நடுவில் காணாமல் போகின்றன. சேலத்துத் தியேட்டர்களிலும் அனிமேஷன் என்றால் பள்ளி விடுமுறைக்கு வருகிற படம்தான். ஆக ஓடிடியை விட்டால் நமக்கு வழி இல்லை, அங்கேயும் இப்படி.

இது வெறும் வசதிக் குறைவு என்று விட்டுவிட முடியாது. எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். தங்கை மகளுக்கு ஏழு வயது. ஃபேர்லண்ட்ஸ் வீட்டுக்கு விடுமுறைக்கு வந்திருந்தபோது, சிறுவர் படங்களோடு சேர்த்து அந்தச் செயலி காட்டிய ஒரு படத்தைப் போட்டாள். போஸ்டரில் அண்ணனும் தங்கையும், சுற்றி மின்மினிப் பூச்சிகள். அது இசாவோ தகாஹதா 1988-இல் இயக்கிய 'கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃபிளைஸ்'. இரண்டாம் உலகப் போரில் கோபே நகரத்தின் மேல் குண்டு விழுந்தபின் அனாதையான இரண்டு பிள்ளைகள் பட்டினியில் சாகும் கதை. படம் தொடங்கும்போதே அந்தப் பையன் ரயில் நிலையத் தூணில் சாய்ந்தபடி செத்துப்போகிறான். கூட்டிப் பெருக்குகிறவர் அவனிடமிருந்த மிட்டாய் டப்பாவை எடுத்து வெளியே புல்லில் எறிகிறார், அதிலிருந்து தங்கையின் எலும்புத் துண்டுகள் சிதறுகின்றன. "மாமா, அந்த அண்ணனுக்கு ஏன் யாருமே சோறு குடுக்கல?" என்று கேட்டுக்கொண்டு பிள்ளை அடுப்படிக்கு ஓடி வந்தாள். அன்றிரவு அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

நியாயமாகச் சொன்னால் இந்தக் குழப்பம் ஓடிடி காலத்தில் மட்டும் வந்ததல்ல. ஜப்பானிலேயே இந்தப் படத்தை, குழந்தைகள் கொண்டாடும் 'மை நெய்பர் டோட்டோரோ'வோடு சேர்த்து ஒரே டிக்கெட்டில்தான் திரையிட்டார்கள். பிரிட்டனில் முயல்களின் கதையான 'வாட்டர்ஷிப் டவுன்' 1978-இல் எல்லோரும் பார்க்கலாம் என்ற சான்றிதழோடு வந்தது. ரத்தமும் சாவும் நிறைந்த அந்தப் படத்தின் சான்றிதழை ஒரு படி ஏற்ற அவர்களுக்கு நாற்பது ஆண்டுக்கு மேல் ஆனது. ஆனால் ஓடிடிக்காரர்கள் கையில் இன்று ஒவ்வொரு படத்தையும் பற்றி அவ்வளவு தகவல் இருக்கிறது. போஸ்டரைப் பார்த்தா முடிவு செய்வது?

வயதுக் குறியை நம்பலாமா என்றால், பாதிதான் நம்பலாம். 2021-இல் வந்த விதிகளின்படி நம் நாட்டில் ஓடிடிகள் U, U/A 7+, U/A 13+, U/A 16+, A என்று ஐந்து வகையாகக் குறிக்க வேண்டும். படம் தொடங்கும்போது அந்தக் குறியும் அதற்கான காரணமும் திரையில் தெரியும். அந்தக் காரணத்தைப் படித்தால் வன்முறை, வசை, பாலியல் காட்சி எவ்வளவு என்பது தெரிந்துவிடும். துக்கம் எவ்வளவு என்பது தெரியாது. சாவை மெதுவாக, சத்தமில்லாமல் காட்டுகிற படம் குறைந்த வயதுக் குறியோடு வர இடம் உண்டு. எதிர்ப்பக்கம், A என்று போட்டிருப்பதாலேயே ஒரு படம் முதிர்ந்தவர்களின் விஷயத்தைப் பேசிவிடும் என்றும் இல்லை. அதனால் குழந்தைகளைத் தள்ளி வைக்க மட்டும் குறியைப் பாருங்கள். படத்தைத் தேர்ந்தெடுக்க அது உதவாது.

எனக்குப் பலித்த முதல் வழி, வகையைத் தேடாமல் இயக்குநரைத் தேடுவது. தேடல் பெட்டியில் `Satoshi Kon` என்று அடித்துப் பாருங்கள். 2010-இல் மறைந்த இந்த ஜப்பானியர் முடித்தது நான்கே முழுநீளப் படங்கள். முதலாவது 'பெர்ஃபெக்ட் ப்ளூ', 1997. பாட்டுக் குழுவை விட்டு நடிக்க வந்த ஒரு பெண்ணுக்கு, எது தன் வாழ்க்கை, எது தான் நடிக்கும் காட்சி என்பதே பிடிபடாமல் போகிறது. ஒரு காட்சி முடிந்தது என்று நாம் மூச்சு விடும்போது அது வேறொன்றின் உள்ளே இருந்தது தெரியவரும். வரைந்த படத்தில் நிஜத்துக்கும் கனவுக்கும் ஒரே கோடு, ஒரே வண்ணம் என்பதால் இந்த மாற்றம் நம் கண்ணுக்கு முன்பே தெரிவதில்லை.

இரண்டாவது வழி, பிரான்சின் ஆன்சி நகரத்தில் 1960-இல் தொடங்கிய அனிமேஷன் விழா. அங்கே முழுநீளப் படத்துக்குக் கொடுக்கும் 'கிறிஸ்டல்' பரிசுப் பட்டியலை வருடவாரியாக எடுத்து வைத்துக்கொள்ளலாம். களிமண் பொம்மைகளால் எடுத்த ஆஸ்திரேலியப் படம் 'மேரி அண்ட் மேக்ஸ்' 2009-இல் வாங்கியது. கம்போடியாவில் கெமர் ரூஜ் ஆட்சியில் ஒரு தாய் பட்ட பாட்டைச் சொல்லும் 'ஃபுனான்' 2018-இல் வாங்கியது. இப்படி நாடும் பாணியும் வேறுவேறாகக் கிடைக்கும். ஆனால் இந்தப் பட்டியலில் சிறுவர் படங்களும் கலந்திருக்கும், விழாக்காரர்கள் பிரித்துத் தர மாட்டார்கள்.

அங்கேதான் என் சோதனை வரும். கதைச்சுருக்கத்தைப் படித்துவிட்டு, 'இதை ஏன் வரைந்தார்கள், நடிகரை வைத்து எடுத்திருக்கலாமே?' என்று கேட்டுப் பார்ப்பேன். நல்ல பதில் கிடைத்தால் அது என் படம். 2021-ஆம் ஆண்டு கிறிஸ்டல் வாங்கிய டென்மார்க் படம் 'ஃப்ளீ'யை எடுத்துக்கொள்வோம். ஆப்கானிஸ்தானிலிருந்து சிறுவனாகத் தப்பிவந்த ஒருவர், பல வருடம் யாரிடமும் சொல்லாத தன் கதையைப் பள்ளி நாள் நண்பரான இயக்குநரிடம் சொல்கிறார். அது நிஜக் குரல், நிஜ வாழ்க்கை. பெயரும் முகமும் வெளியே தெரியக் கூடாது என்பதால் வரைந்திருக்கிறார்கள். பதில் கிடைத்துவிட்டது.

படத்தைப் பார்க்கும்போது இன்னொரு பதிலும் கிடைத்தது. கண்ணை மூடிப் படுத்துக்கொண்டு அவர் பேசும்போது சாதாரண வண்ணப் படம் ஓடுகிறது. சொல்ல முடியாத இடம் வந்ததும் வண்ணம் போய், கரியால் கிறுக்கியது போன்ற கோடுகள் மட்டும் ஓடுகின்றன, மனிதர்களுக்கு முகம் இல்லை. நடுநடுவே அந்தக் காலத்து நிஜச் செய்திப் படத் துண்டுகள். எது நினைவு, எது மறைப்பு, எது பதிவானது என்று ஒரு வசனமும் இல்லாமல் நமக்குப் புரிகிறது. ஆஸ்கரில் ஆவணப்படம், சர்வதேசப் படம், அனிமேஷன் என்ற மூன்று பிரிவிலும் ஒரே ஆண்டில் அது பரிந்துரை பெற்றது. இஸ்ரேலின் 'வால்ட்ஸ் வித் பஷீர்' (2008) போன்ற படங்களும் இதே சோதனையில்தான் எனக்குக் கிடைத்தன. 1982 லெபனான் போரில் தான் இருந்தும் ஏதும் நினைவில் இல்லாத ஒருவர் அதைத் தேடிப் போகிறார். நினைவில் இல்லாததைக் கேமராவில் எடுக்க முடியாது, வரையத்தான் முடியும்.

சப்டைட்டில் பற்றி அவசியம் சொல்ல வேண்டும், ஜப்பானியப் படங்களுக்கு முக்கியமாக. பட்டியலில் ஆங்கிலம் இரண்டு முறை இருக்கும், ஒன்றின் பக்கத்தில் CC என்று இருக்கும். பெரும்பாலும் அந்த CC, ஆங்கில டப்பிங் வசனத்தை அப்படியே எழுதியது. ஜப்பானிய ஒலியை வைத்துக்கொண்டு அதைப் போட்டால் இரண்டும் ஒட்டாது. கண்டுபிடிப்பது எளிது. கதவு சாத்தும் சத்தம், அழுகைச் சத்தம் என்று எழுத்தில் வந்தால் அது CC. பாத்திரம் வாயே திறக்காமல் முதுகைக் காட்டி நிற்கும்போது கீழே ஒரு வரி வசனம் வந்தால் சந்தேகமே வேண்டாம், டப்பிங்கில் சேர்த்த வரி அது. மௌனமாக இருக்க வேண்டிய இடத்தைக் கெடுத்துவிடும். சாதாரண ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுங்கள். ஏற்காட்டில் மழை பிடித்தால் நெட் போய்விடும் என்பதால் அண்ணன் டவுன்லோடு செய்துதான் பார்க்க வேண்டும். என் செயலியில், டவுன்லோடு செய்யும்போது எந்த ஒலியும் எழுத்தும் தேர்வில் இருந்ததோ அதுதான் உள்ளே வருகிறது. அதனால் முதலில் ஒலியையும் எழுத்தையும் மாற்றிவிட்டு, ஒரு நிமிடம் ஓடவிட்டுச் சரிபார்த்து, அப்புறம் டவுன்லோடு போடுங்கள்.

இந்தப் படங்களைப் பற்றிக் கேட்டால், சமீப வருடங்களில் எந்தப் பெரிய நடிகரின் படமும் என்னை இந்த அளவுக்கு உலுக்கவில்லை என்று சத்தியமாகச் சொல்வேன். இருந்தாலும் அண்ணனுக்கு என் பதில், வருடச் சந்தா வேண்டாம். உரிமம் முடிந்தால் படம் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். என் பட்டியலில் குறித்து வைத்திருந்தவை பல அப்படிப் போயின. வேறு இடத்தில் வாடகைக்கு வந்தால் உண்டு. பட்டியலை முதலில் தயார் செய்யுங்கள். ஒவ்வொன்றும் இன்றைக்கு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். நாலைந்து படம் ஒரே இடத்தில் சேர்ந்திருக்கும்போது ஒரு மாதம் மட்டும் கட்டுங்கள், முடிந்ததும் நிறுத்திவிடுங்கள்.

ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம் போட்டிருக்கிறேன். அந்த மின்மினிப் படத்தைச் சிறுவர் படங்களுக்கு நடுவிலிருந்து எடுக்கும்வரை மூன்றாவது தர மாட்டேன்.