விண்ணப்பம் பரிசீலனையில், சான்றிதழ் கையில்: ரெக்ரூட்டரிடம் எந்த வழியில் சொல்வது?

சென்னையில் ஐ.டி. ஆட்சேர்ப்பில் இருக்கிறேன். போன மாதம் ஒரு தம்பி போன் செய்தார். கிளவுட் சப்போர்ட் வேலைக்கு விண்ணப்பித்துப் பத்து நாள் ஆகியும் போர்ட்டலில் "Under Review" என்றே நிற்கிறதாம். இடையில் ஏடபிள்யூஎஸ் சொல்யூஷன்ஸ் ஆர்க்கிடெக்ட் அசோசியேட் தேர்வில் தேறிவிட்டார். அந்த வேலைக்கான அறிவிப்பிலேயே 'ஏடபிள்யூஎஸ் சான்றிதழ் இருந்தால் நல்லது' என்று போட்டிருந்தார்கள். "போர்ட்டல்ல ப்ரொஃபைலை மாத்திட்டேன் அக்கா, அது போதும்ல?" என்றார்.

போதாது. பலரும் முதலில் செய்வது இதைத்தான், ஆனால் மிகக் குறைவாகப் பலன் தருவதும் இதுதான். வொர்க்டே போன்ற போர்ட்டல்களில் பொதுவாக ப்ரொஃபைல் வேறு, அனுப்பிய விண்ணப்பம் வேறு. நீங்கள் இன்று ப்ரொஃபைலில் சேர்ப்பது பத்து நாள் முன்பு அனுப்பிய விண்ணப்பத்தில் ஏறாது. ரெக்ரூட்டருக்குத் தகவலும் போகாது. அதற்குள் உங்கள் பழைய ரெஸ்யூமை பிடிஎஃப்பாக இறக்கி மேனேஜருக்கு அனுப்பியிருப்போம், அவர் கையில் இருப்பது அந்தத் தாள்தான். விண்ணப்பத்தை வாபஸ் வாங்கிவிட்டுப் புதிதாகப் போடலாமே என்றும் சிலர் நினைக்கிறார்கள். வேண்டவே வேண்டாம். சில நிறுவனங்கள் அதே பணிக்கு மறுபடி விண்ணப்பிக்க விடுவதில்லை. ஷார்ட்லிஸ்டில் பெயர் இருந்திருந்தால் அதையும் நீங்களே எடுத்துவிட்டதாக ஆகும்.

லிங்க்ட்இன்னில் பேட்ஜைப் பதிவாகப் போடுவது நல்லதுதான், புதிய வேலைகள் அதன் வழியாக வரலாம். ஆனால் உங்கள் விண்ணப்பத்தைப் பார்க்கிறவர் அந்தப் பதிவைப் பார்ப்பார் என்று நம்பி இருக்க முடியாது. நேரடி மெசேஜ் அதைவிட மேல். ஆனால் அது மெயில் தொடரில் சேராது, நான் தனியாக எடுத்துத்தான் மேனேஜருக்கு அனுப்ப வேண்டும். வேலை மும்முரத்தில் அது நின்றுபோகும்.

நான் சொல்வது, ரெக்ரூட்டர் ஏற்கெனவே அனுப்பிய மெயிலுக்கே பதில் போடுவது. புது மெயில் அல்ல, அதே தொடர். பழைய தலைப்பில் பணியின் எண் இருக்கும், உங்கள் பழைய ரெஸ்யூமும் அங்கேயே இருக்கும், ஒரே அழுத்தலில் மேனேஜருக்குப் போய்விடும். தம்பிக்கு நான் சொன்ன மெயிலில் நான்கே வரிகள்: எந்தப் பணிக்கு, எந்தத் தேதியில் விண்ணப்பித்தேன், அதன்பின் இந்தத் தேதியில் இந்தச் சான்றிதழ் பெற்றேன், அறிவிப்பில் கேட்டிருந்ததால் தெரிவிக்கிறேன், சரிபார்க்கும் கிரெட்லி இணைப்பு இதோ, புதுப்பித்த ரெஸ்யூம் இணைத்திருக்கிறேன். "முடிவு எப்போது தெரியும்?" என்ற கேள்வியை அதில் சேர்க்கவிடவில்லை. அதைச் சேர்த்தால் நல்ல செய்தி நச்சரிப்பாக மாறிவிடும்.

ரெஸ்யூமில் மாற்றமும் ஒரே இடத்தில்தான். மேலே, பெயருக்கு அடுத்து வரும் சுருக்கத்தில் ஒரு வரி: சான்றிதழின் முழுப் பெயர், தேர்வுக் குறியீடு SAA-C03, பெற்ற மாதம். இந்த வாய்ப்பில் வேறு திறன்களையும் சேர்த்துவிட்டால், முந்தைய ரெஸ்யூமோடு ஒப்பிடும்போது சந்தேகம் வரும்.

எப்போது அனுப்புவது என்பதும் முக்கியம். இந்தத் தேர்வின் முடிவு வர 5 வேலை நாள் வரை ஆகலாம். தேர்வு எழுதிவிட்டு வந்த மாலையே "முடித்துவிட்டேன்" என்று எழுதுபவர்கள் உண்டு. சான்றிதழ் கணக்கில் ஏறிய பிறகே எழுதுங்கள். இணைப்பைத் திறந்தால் ஒன்றும் வராவிட்டால், உண்மை சொன்னவர் மீதும் ஐயம் விழும்.

இங்கே நம் ஊர்ச் சிக்கல் ஒன்று. ரெஸ்யூமில் இனிஷியலோடு பெயர், சான்றிதழில் அடையாள அட்டைப்படி அப்பா பெயர் முழுதாகப் பின்னால். பின்னணிச் சரிபார்ப்பு செய்பவர்கள் இதை இரண்டு ஆட்கள் என்று குறித்துத் திருப்பி அனுப்பியதைப் பார்த்திருக்கிறேன். "சான்றிதழில் என் பெயர் இப்படி இருக்கும்" என்று மெயிலில் ஒரு வரி போட்டுவிட்டால் அந்த அலைச்சல் இல்லை.

மெயிலே வராமல், noreply முகவரியிலிருந்து ஒப்புகை மட்டும் வந்திருந்தால்? அதற்குப் பதில் போட்டால் யாரும் படிப்பதில்லை. அப்போதுதான் லிங்க்ட்இன் மெசேஜ் முதலிடத்துக்கு வருகிறது. அந்தப் பணியைப் பதிவிட்டவரின் பெயர் அங்கே இருந்தால், பணியின் எண்ணோடு அதே நான்கு வரிகள், ஒரே ஒரு முறை.

வேலை அறிவிப்பில் கேட்காத சான்றிதழாக இருந்தால் மெயில் வேண்டாம், இன்டர்வியூவில் சொல்லிக்கொள்ளலாம். ஜாவா டெவலப்பர் வேலைக்கு விண்ணப்பித்தவர் டிஜிட்டல் மார்க்கெட்டிங் சான்றிதழ் அனுப்பினால், அதை யாருக்கு ஃபார்வர்டு செய்வது என்று எனக்குத் தெரியாது.